பன்னிரண்டு வீடுகள், ஓர் ஆண்டு: ஒரே கட்டடத்துக் கதைகளை எப்படிக் கோப்பது?

ஒரே அடுக்குமாடிக் கட்டடத்தில் குடியிருப்பவர்களைப் பற்றித் தனித்தனிச் சிறுகதைகளாக எழுதி, அவற்றை ஓர் ஆண்டுக்குள் நிறுத்தி ஒரே நூலாக்க விரும்பும் எழுத்தாளர், முதல் பக்கத்திலேயே ஒரு கேள்வியைச் சந்திக்கிறார். ஒவ்வொரு கதையும் தனியாகப் படிக்கும்போது முழுமையாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்துப் படிக்கும்போது, தனிக்கதைகளில் இல்லாத ஒன்று கிடைக்கவும் வேண்டும். அந்த ஒன்றை எது தருகிறது? கட்டடமா, காலண்டரா, ஒரு பொது நிகழ்ச்சியா, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும் ஓர் ஆளா?

இக்கேள்விக்கு வேறு வேறு காலங்களில், வேறு வேறு மொழிகளில் விடைகள் வந்திருக்கின்றன. அவற்றுள் முக்கியமானவற்றை இக்கட்டுரை வரிசைப்படுத்திப் பார்க்கிறது. பெரம்பலூர், அரியலூர் போன்ற மாவட்டத் தலைநகரங்களில் அப்பார்ட்மென்ட் வாழ்க்கை புதிது. அதைப் பற்றிய கதைகளும் இனிமேல்தான் வர வேண்டியிருக்கிறது. ஆகவே இந்த விடைகள் அங்கே எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதும் இங்கே சோதிக்கப்படுகிறது.

ஏலாக்குறிச்சியிலிருந்து ஒரு பழைய விடை

அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் நெடுங்காலம் பணியாற்றிய வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் எழுதிய ‘பரமார்த்த குருவின் கதை’ தமிழ் உரைநடையின் தொடக்ககால ஆக்கங்களுள் ஒன்று. 1822இல் லண்டனில் பெஞ்சமின் பாபிங்டன் அதை அச்சிட்டு வெளியிட்டார். பள்ளிப் பாடத்தில் ஒன்றிரண்டு கதைகளை மட்டும் உருவிக் கொடுப்பதால் அது நகைச்சுவைத் துணுக்குகளின் தொகுப்பு என்றே பலர் நினைக்கிறார்கள். முழுதாகப் படித்தால் கோப்பின் நுட்பம் தெரியும்.

குருவும் ஐந்து சீடர்களும் ஆற்றைக் கடக்கப் படும் பாடு முதலில் வருகிறது. குதிரை இருந்திருந்தால் இந்தப் பாடு இல்லையே என்ற எண்ணம் அதிலிருந்து எழுகிறது. அந்த எண்ணம்தான் பூசணிக்காயைக் குதிரை முட்டையென்று வாங்கும் கதைக்குக் காரணம். குதிரைக்கான தேடல் அடுத்தடுத்த கதைகளுக்குள் நீள்கிறது. பிறகு ஒருவழியாகக் கிடைத்த குதிரையிலிருந்து குரு விழுகிறார். இடையில் சொல்லப்பட்ட சோதிடம் அவருடைய இறப்புக்கு வழி திறக்கிறது. ஒரு கதையில் தீராமல் எஞ்சியது அடுத்த கதைக்கு முதலாகிறது. ஆறு, சந்தை, மடம் என்று இடம் மாறிக்கொண்டே இருந்தாலும் இந்த எச்சம் அறுபடுவதில்லை.

இந்த முறைக்கு எல்லையும் உண்டு. ஆறு பேரும் எப்போதும் சேர்ந்தே இருக்கிறார்கள். ஒருவருக்கு நடந்தது மற்ற ஐவருக்கும் தெரியும். அடுக்குமாடியில் நிலைமை நேர்மாறு. சுவருக்கு அப்பால் நடப்பது இங்கே தெரியாது. தெரிந்தது போல் ஒரு ஊகம் மட்டும் இருக்கும். எச்சம் கதைக்குக் கதை போக வேண்டும், ஆனால் பாத்திரங்கள் அதை அறியாமலே போக வேண்டும். நவீன எழுத்தாளரின் சிக்கல் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

வீட்டுக்கு ஒரு கதை

முதலில் மனத்தில் தோன்றும் வழி, கதவுக்கு ஒரு கதை எழுதுவது. ரோஹின்டன் மிஸ்திரி 1987இல் வெளியிட்ட முதல் நூல் பம்பாயில் பார்சிகள் வாழும் ஃபிரோஸ்ஷா பாக் என்ற குடியிருப்பைப் பற்றிய 11 கதைகளால் ஆனது. தொடக்கக் கதையில் மேல்வீட்டுக் கழிவறையிலிருந்து கீழ்வீட்டுக்கு நீர் ஒழுகுகிறது. அடுத்ததில் குளிர்பதனப் பெட்டி வைத்திருக்கும் ஒரு பெண்ணின் வீட்டை அக்கம்பக்கத்தார் அதற்காகவே அண்டியிருக்கிறார்கள். மிஸ்திரி கதவுகளை வெறும் எண்களாக வைக்கவில்லை என்பதை இவை காட்டுகின்றன. ஒழுகும் கூரைக்கும் இரவல் குளிர்ச்சிக்கும் கதவைத் திறக்கும் வேலை இருக்கிறது.

இதற்கு எதிர்க்கோடியில் பிரெஞ்சு எழுத்தாளர் ழார்ழ் பெரெக் 1978இல் வெளியிட்ட பெரிய நாவல் நிற்கிறது. ஒரு பாரிஸ் கட்டடத்தைப் பத்துக்குப் பத்துக் கட்டங்களாகப் பிரித்து, சதுரங்கக் குதிரை எல்லாக் கட்டங்களையும் தொட்டுவரும் வழியில் அத்தியாயங்களை அவர் வரிசைப்படுத்தினார். கட்டங்கள் 100, அத்தியாயங்கள் 99; ஒரு கட்டத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டார். அடுத்து எந்த அறை என்பதை ஆசிரியரின் விருப்பம் முடிவுசெய்யவில்லை, விதி முடிவுசெய்கிறது. அதனால் முக்கியமானவர், முக்கியமில்லாதவர் என்ற படிநிலை குலைகிறது.

ஆனால் ஓராண்டுக் கதைக்கோவை எழுத விரும்புபவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெரெக்கின் கட்டடத்தில் காலம் நின்றுவிட்டது. 1975 ஜூன் 23ஆம் நாள் மாலையில் ஒரு கணமே அந்த நாவலின் நிகழ்காலம். மற்றதெல்லாம் அந்தக் கணத்திலிருந்து பின்னோக்கிச் சொல்லப்படுகிறது. மிஸ்திரியின் நூலில் காலம் பல ஆண்டுகளாக விரிகிறது. கிரிக்கெட் ஆடிய பையன்கள் வெளிநாடு போகிறார்கள். கதவை அலகாகக் கொண்ட இரு பெரும் நூல்களும் ஓராண்டு என்ற அளவைத் தவிர்த்திருப்பது தற்செயலாக இருக்கலாம். எனினும் காரணத்தை ஊகிக்க முடிகிறது. வீட்டுக்கு ஒரு கதை என்றால் வாசகர் ஒவ்வொரு முறையும் புதிய குடும்பத்தை முதலிலிருந்து அறிந்துகொள்ள வேண்டும். பன்னிரண்டு முறை அறிமுகம் நடந்து முடிவதற்குள் ஆண்டு முடிந்துவிடும். ஆண்டு யாருக்கும் எதையும் செய்யாமலே கடந்துபோகும்.

மாதத்துக்கு ஒரு கதை

இரண்டாவது வழி காலண்டரை நம்புவது. தமிழ் வாசகருக்கு இது இயல்பாகத் தோன்றும். இடத்தையும் காலத்தையும் முதற்பொருள் என்று சொன்ன மரபு நம்முடையது. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆண்டை இரண்டிரண்டு மாதமாகப் பிரித்த ஆறு பெரும்பொழுதுகளும் அதில் இருக்கின்றன. ஆறு பொழுதுக்கு ஆறு கதை, அல்லது சித்திரை முதல் பங்குனி வரை பன்னிரண்டு கதை என்று திட்டம் போட்டுவிடலாம்.

இதன் பலவீனம் எழுதத் தொடங்கியதும் தெரியும். தையில் பொங்கல், ஐப்பசியில் தீபாவளி, கார்த்திகையில் விளக்கு என்று பண்டிகைகள் வரிசையாக வந்து நிற்கும். மாதம் கதைக்குள் நுழையாமல் அலங்காரமாக வாசலிலேயே நின்றுவிடும். திணை மரபையே உற்றுப் பார்த்தால் ஓர் எச்சரிக்கை கிடைக்கிறது. முல்லைக்குக் கார், குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் என்று பொழுது வகுத்த இலக்கணம் மருதத்துக்கும் நெய்தலுக்கும் ஆறு பொழுதையும் உரியதாக்கியது. ஊரும் வீடும் ஊடலும் மருதத்தின் பொருள். வீட்டுக்குள் நடக்கும் பிணக்குக்குத் தனிப் பருவம் கிடையாது என்று இதை வாசிக்கலாம். அப்படி வாசித்தால், குடியிருப்புக் கதைக்கு இயற்கைப் பருவத்தை மட்டும் நம்புவது மரபின்படியும் போதாது.

பண்டிகைக் காலண்டருக்கு வெளியே, கட்டடத்துக்கென்றே ஒரு காலண்டர் இருக்கிறது. இந்தத் திட்டத்துக்கு மிகவும் பயன்படக்கூடியது அதுதான். வாடகை ஒப்பந்தம் 11 மாதத்துக்குப் போடப்படுகிறது. ஓராண்டைத் தாண்டும் குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்ற 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்திலிருந்து பிறந்த வழக்கம் இது. தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் வந்த பிறகும் பரவலாகத் தொடர்கிறது. மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, அதாவது ஆண்டுக்கு ஆறு முறை எடுக்கப்படுகிறது. ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலோர் வீடு மாற மாட்டார்கள். அரசு ஊழியர்களின் இடமாறுதலும் பள்ளித் திறப்பும் மே, ஜூனில் வந்து குவிகின்றன.

இவை வெறும் தகவல்கள் அல்ல, கதையை நகர்த்தும் விசைகள். புதிதாக ஒருவர் குடிவர வேண்டுமென்றால் ஆனிக்குள் வர வேண்டும், அல்லது ஆவணி வரை காத்திருக்க வேண்டும். ஆடியில் ஒரு வீட்டில் சண்டை முற்றினால், காலி செய்ய முடியாமல் ஒரு மாதம் அதே சுவருக்குள் இருந்தாக வேண்டும். கதை ஆனியில் தொடங்கினால் 11 மாத ஒப்பந்தம் வைகாசியில் முடிந்துவிடும்; ஆண்டு முடிவதற்குள் ஒருவரேனும் போய்விடுவதற்கான காரணம் அமைப்பிலேயே இருக்கிறது. ஆசிரியர் வலிந்து யாரையும் வெளியேற்ற வேண்டியதில்லை.

ஒரு சாட்சி, ஒரு வழக்கு

தமிழில் இந்த வடிவத்துக்கு மிக நெருங்கி வந்த நூல் அசோகமித்திரனின் ‘ஒற்றன்!’. 1973இல் அயோவா பல்கலைக்கழகத்தின் சர்வதேச எழுத்தாளர் திட்டத்துக்குச் சென்று அவர் தங்கிய அனுபவத்திலிருந்து பிறந்த இந்நூல் 1985இல் வெளிவந்தது. மேஃபிளவர் என்ற அடுக்குமாடிக் கட்டடம், பல நாட்டு எழுத்தாளர்கள், சில மாதக் காலம். நாவல் என்று பெயர் பெற்றாலும் அத்தியாயங்கள் பலவும் தனிக்கதைகளாக நிற்கக்கூடியவை. கட்டடம், குளிர், காலக்கெடு மூன்றும் அங்கே ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. எல்லோரும் ஒரே நாளில் கலைந்துபோகப் போகிறவர்கள் என்பது ஒவ்வொரு உறவுக்கும் அளவு வைக்கிறது.

இக்கதைகளைக் கோப்பது ஒரே சாட்சியின் பார்வை. பேச்சு அரைகுறையாகப் புரியும் இடத்தில் ஒரு மனிதன் மற்றவர்களைப் பார்க்கிறான், தவறாகவும் பார்க்கிறான். அந்தத் தவறே பல கதைகளின் உயிர். எனினும் சாட்சி போகாத அறைக்குள் கதையும் போக முடியாது. விருந்தினர் விடுதிக்கு அது பொருந்தும். கணவன் மனைவி, மாமியார், படிக்கும் பிள்ளை என்று குடும்பங்கள் கதவடைத்து வாழும் கட்டடத்தில், ஒருவரே எல்லா வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்க்கிறார் என்றால் வாசகர் நம்புவது கடினம். வாட்ச்மேனையோ வீட்டுவேலை செய்யும் பெண்ணையோ சாட்சியாக்கும் உத்தி பலருக்கும் தோன்றும். உழைப்பவரின் வாழ்க்கையைக் கதையாக்காமல் அவரை வெறும் சாவித் துவாரமாகப் பயன்படுத்தும் அபாயம் அதில் இருக்கிறது. அதைவிட அவருக்கும் ஒரு கதை கொடுப்பதே நேர்மை.

இன்னொரு வழி, எல்லோரையும் ஒரே வழக்கில் மாட்டுவது. அரவிந்த் அடிகா 2011இல் வெளியிட்ட நாவலில் மும்பையின் ஒரு பழைய குடியிருப்பை இடித்துக் கட்ட நிறுவனம் ஒன்று பணம் தர முன்வருகிறது. ஒரே ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் மறுக்கிறார். கெடு நாள் நெருங்க நெருங்க அண்டை வீட்டார் மாறுகிறார்கள். வாசகரைப் பிடித்திழுக்கும் வலு இதற்கு உண்டு. ஆனால் அந்த வலுவே கதைக்கோவைக்குப் பகை. வழக்கு பெரிதானால் தனிக்கதைகள் அத்தியாயங்களாகக் கரைந்து நூல் நாவலாகிவிடும். நாவல் வேண்டுமென்றால் அது குறையில்லை. கதைக்கோவை வேண்டுமென்றால் வழக்கைச் சிறிதாக வைக்க வேண்டும்.

ஃபாரஸ்ட் இங்ரம் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1971இல் இத்தகைய நூல்களை மூன்றாகப் பிரித்தார். தொடக்கத்திலேயே திட்டமிட்டு எழுதப்பட்டவை, பிறகு தேர்ந்து அடுக்கப்பட்டவை, பாதியில் தொடர்பு தெரிந்து நிறைவு செய்யப்பட்டவை. இந்தப் பகுப்பு நூல் எப்படி உருவானது என்பதைச் சொல்கிறதே தவிர, எது அதைத் தாங்குகிறது என்பதைச் சொல்வதில்லை. ஆனால் பத்திரிகைக்கு ஒன்றொன்றாகக் கதை கொடுக்கும் தமிழ் எழுத்தாளருக்கு மூன்றாவது வகை ஆறுதலானது. நான்கு கதைகள் எழுதிய பிறகும் கோப்பைக் கண்டுபிடிக்கலாம்.

பெரம்பலூரில் ஒரு மோட்டார் சுவிட்ச்

மேலே சொன்னவற்றை ஒரு கற்பனைக் கட்டடத்தில் வைத்துப் பார்க்கலாம். பெரம்பலூர் நகரின் விளிம்பில் மூன்று தளம், 12 வீடுகள். தொழிற்சாலை ஊழியர், கல்லூரி விரிவுரையாளர், சிமென்ட் லாரி வைத்திருப்பவர், மாறுதலில் வந்த அரசு ஊழியர் என்று பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள். ஒரு ஆழ்துளைக் கிணறு, கீழே சம்ப், மாடியில் தொட்டி, படிக்கட்டின் அடியில் மோட்டார் சுவிட்ச்.

ஆனியில் முதல் தளத்துக்கு ஒரு நர்ஸ் குடிவருகிறார். தரைத்தளத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். விடியற்காலை நான்கு மணிக்கு மோட்டார் ஓடும் சத்தம் தினமும் அவரை எழுப்புகிறது. தனியாக இருக்கும் ஒரு பெண்ணுக்கு இவ்வளவு தண்ணீர் எதற்கு என்று அவர் கணக்குப் போடுகிறார். கதை அவருடையது; தூக்கம் வராத முதுமை, சொல் கேட்காத மகன், எஞ்சியிருக்கும் ஒரே அதிகாரமான ஒழுங்கு. மோட்டார் போடும் நேரம் ஆறு முதல் ஏழு வரை என்று அழகான கையெழுத்தில் எழுதி சுவிட்ச் பலகையில் ஒட்டுவதோடு கதை முடிகிறது. தனியாகப் படித்தால் இது ஒரு முதியவரின் சிறு வெற்றி.

கார்த்திகையில் வரும் கதை நர்ஸுடையது. படுக்கையிலேயே இருக்கும் தாயை இரவோடு இரவாக அவர் அழைத்து வந்திருக்கிறார். ஒப்பந்தம் போடும்போது தனியாகத்தான் இருப்பேன் என்று சொல்லியிருந்தார். நோயாளி இருக்கும் வீடென்றால் வாடகைக்குக் கிடைக்காது என்ற பயம். டியூட்டிக்குப் போகுமுன் விரிப்புகளை அலசியாக வேண்டும். அறிவிப்பு ஒட்டப்பட்ட பிறகு இரவிலேயே வாளிகளில் நிரப்பி வைத்துக்கொள்கிறார். வெளியே அடைமழை, ஊருக்கெல்லாம் தண்ணீர் பெருகிக் கிடக்கும் மாதத்தில் ஒரு வீட்டில் அது அளந்து செலவாகிறது. அறிவிப்பை எழுதியவர் யாரென்று அவருக்குத் தெரியாது. வாசகருக்குத் தெரியும்.

சித்திரைக் கதை குடியிருப்போர் சங்கப் பொருளாளருடையது. பெரம்பலூர்ப் பகுதியின் பெரும்பரப்பு கடினப்பாறை. நீர் பாறை வெடிப்புகளில் தங்குவதால் ஒரு ஆழ்துளைக் கிணறு வற்றும்போது பக்கத்து மனையில் இன்னொன்று சுரந்துகொண்டிருக்கும். இந்தக் கட்டடத்தின் கிணறு வற்றிவிட்டது. லாரித் தண்ணீர் வாங்க வேண்டும். செலவை வீட்டுக்கு இவ்வளவு என்று பிரிப்பதா, தலைக்கு இவ்வளவு என்று பிரிப்பதா? தலைக்கணக்கே நியாயம் என்று கூட்டம் முடிவு செய்கிறது. பொருளாளர் நோட்டுடன் வீடு வீடாகப் போகிறார். நர்ஸ் வீட்டில் எத்தனை பேர் என்று எழுத வேண்டிய கட்டம் வருகிறது. உள்ளே இருமல் கேட்கிறது. அவர் என்ன எழுதுகிறார் என்பதே கதை. ஒப்பந்தம் முடிய ஒரு மாதம்தான் இருக்கிறது என்பது இருவருக்கும் தெரியும்.

இந்த மூன்று கதைகளிலும் நர்ஸ் வீட்டின் தண்ணீர்த் தேவை ஒன்றுதான். ஆனியில் அது தொந்தரவு, கார்த்திகையில் பராமரிப்பு, சித்திரையில் பொய்யைக் காட்டிக்கொடுக்கும் சான்று. அர்த்தத்தை மாற்றியது ஆண்டு. நீர் ஏறி இறங்கியதால் அது நடந்தது. இதே கட்டடத்தை முப்பது கிலோமீட்டர் தள்ளி அரியலூரில் வைத்தால் கதை அப்படியே வராது. அங்கே பெரும்பகுதி சுண்ணாம்புக்கல்லும் மணற்கல்லும் கொண்ட படிவுப் பாறை. நீரின் போக்கு வேறு. அங்கே கதைகளைப் பிணைக்க, சுண்ணாம்புச் சுரங்கங்களும் சிமென்ட் ஆலைகளும் எழுப்பும் தூசியை எடுத்துக்கொள்ளலாம். காற்று எந்த மாதம் எந்தப் பக்கம் வீசுகிறது என்பது அங்கே கதைக்காரர் அறிய வேண்டிய முதல் விவரமாகிவிடும்.

எங்கே பிசகும், எப்படித் தெரியும்

கோப்பு வேலை செய்கிறதா என்று பார்க்க மூன்று சோதனைகள் உதவும். முதலில் எல்லாக் கதைகளிலிருந்தும் மாதப் பெயர்களையும் பண்டிகைகளையும் அடித்துவிட்டுப் படிக்க வேண்டும். எந்தக் கதை எப்போது நடக்கிறது என்பது அப்போதும் தெரிந்தால் காலம் உள்ளே இருக்கிறது. அடுத்து, அருகருகே உள்ள இரு கதைகளை இடம் மாற்றிப் பார்க்க வேண்டும். எதுவும் கெடவில்லை என்றால் அது நல்ல தொகுப்பாக இருக்கலாம், கோவை ஆகாது. கார்த்திகைக் கதையை முதலில் வைத்தால் ஓய்வுபெற்ற ஆசிரியரின் அறிவிப்பு கொடுமையாக மட்டுமே தெரியும். அவர் பக்கத்து நியாயம் வாசகரை எட்டாது. ஆகவே அந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது.

கடைசிச் சோதனை எதிர்ப்பக்கத்திலிருந்து வருவது. நூலிலிருந்து ஒரு கதையை உருவி முன்பின் தெரியாத ஒருவரிடம் கொடுக்க வேண்டும். அவருக்குப் புரியவில்லை என்றால் எச்சம் அளவுக்கு மீறிவிட்டது. இந்தப் பிசகு பெரும்பாலும் கடைசிக் கதைகளில் நேர்கிறது. எல்லாப் பாத்திரங்களையும் ஒரே மொட்டைமாடிக் கூட்டத்தில் சேர்த்து, எல்லா ரகசியத்தையும் உடைத்துவிடும் ஆசை அப்போது வரும். அதற்கு இடம் கொடுத்தால் அடுக்குமாடி வாழ்க்கையின் அடிப்படை உண்மையான அறியாமை பறிபோகும். ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு நர்ஸின் தாயைப் பற்றித் தெரியவராமலே ஆண்டு முடியலாம். அது குறை அல்ல.

எல்லா வீட்டுக்கும் கதை வேண்டுமா என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. சமத்துவம் கருதி வேண்டும் என்பார் சிலர். பன்னிரண்டு வீட்டில் எட்டு அல்லது ஒன்பதுக்கு மட்டும் கதை கொடுத்து, மற்ற வீடுகளைப் படிக்கட்டில் கேட்கும் குரல்களாக விடுவதே கட்டடத்தை உண்மையாகக் காட்டும் என்று தோன்றுகிறது. அத்தனை வகுத்துத் திட்டமிட்ட பெரெக்கே ஒரு கட்டத்தை விட்டுவைத்தார்.

தீராமல் இருப்பவை

மேற்கண்ட விடைகளை எடைபோட்டால், கதவோ மாதமோ தனியாக ஒரு கதைக்கோவையைத் தாங்குவதில்லை என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். சாட்சியும் வழக்கும் தாங்கும். ஆனால் முதலாவது கதவுகளை மூடிவிடுகிறது, இரண்டாவது நூலை நாவலாக்கிவிடுகிறது. கதைக்குக் கதை அறியாமலே கைமாறும் ஓர் எச்சமும், அந்த எச்சத்தின் பொருளை மாற்றும் ஓர் ஆண்டும் சேர்ந்தால் தாங்கும் என்பதே இங்கு முன்வைக்கப்படும் மதிப்பீடு.

இரண்டு கேள்விகளுக்கு இன்னும் தெளிவான விடை இல்லை. ஓர் ஆண்டு போதுமா என்பது முதலாவது. 11 மாதத்தில் காலி செய்கிறவருக்கு ஆண்டு முழுமையான அலகு; சொந்த வீடு வாங்கி, இருபது ஆண்டுக் கடன் கட்டுகிறவருக்கு அது ஒரு துண்டு. இருவரும் ஒரே கட்டடத்தில் இருக்கும்போது நூலின் காலம் யாருடையது? இரண்டாவது, சாதி. யாருக்கு வீடு கொடுப்பது, யாருக்கு மறுப்பது என்ற தேர்வு கதை தொடங்குமுன்பே நடந்துவிடுகிறது. கட்டடத்துக்குள் வர முடியாமல் போனவரின் கதையைக் கட்டடத்துக் கதைகளுக்குள் எப்படி வைப்பது என்பதற்கு மேலே கண்ட எந்த வடிவமும் வழி சொல்லவில்லை. பெரம்பலூரிலோ அரியலூரிலோ இருந்து இதை எழுதப் போகிறவர், முதல் கதையை வாடகைக்கு வீடு கேட்டு மறுக்கப்பட்ட ஒருவரிடமிருந்து தொடங்கிப் பார்க்கலாம்.